மண் மாதிரியை எத்தனை அடி தள்ளி எடுப்பது?

நெதர்லாந்தின் தென்கோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டி ஓடுகிறது மியூஸ் ஆறு. அதன் கரையில் ஸ்டைன் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு அருகேயுள்ள வெள்ளச் சமவெளியில் 155 இடங்களில் மேல்மண் எடுத்து, அதில் காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகிய நான்கு உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தார்கள். ஆறு மேல்நிலத்துத் தொழிற்பகுதிகளைக் கடந்து வருகிறது. அங்கே வண்டலில் கலந்த உலோகங்களை ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்து இந்தச் சமவெளியில் படியவிட்டிருக்கிறது. அளந்ததில், ஒரு கிலோ மண்ணில் துத்தநாகம் ஓரிடத்தில் 113 மில்லிகிராம், இன்னோரிடத்தில் 1839 மில்லிகிராம். இரண்டு இடங்களும் ஒரே சமவெளியில், சில கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன.

இந்த 155 எண்களும், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்ற ஆயத்தொலைவுகளும் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. R என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளின் `sp` தொகுப்பில் `meuse` என்ற பெயரில் அவை கிடைக்கும். இடஞ்சார் புள்ளியியல் கற்பவர்களில் பெரும்பாலோர் இந்தத் தரவைத் தொட்டிருப்பார்கள். மண் ஆய்வில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இதை வைத்தே பார்த்துவிடலாம். மாதிரிகளை எவ்வளவு தூரத்துக்கு ஒன்றாக எடுக்க வேண்டும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கொதித்துப் புரண்ட சோற்றுக்கு அது சரி. எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒன்றுதான். மண்ணை யாரும் அப்படிக் கிளறிவிடவில்லை. பாறை சிதைந்ததும், வெள்ளம் வண்டலைப் போட்டதும், மாடு கட்டியிருந்ததும், எருக்குவியல் கிடந்ததும் எங்கே நடந்ததோ அங்கேயே தடம் பதித்திருக்கும். அதனால் பத்தடி தள்ளி எடுத்த இரண்டு மண்ணும் ஒத்திருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி எடுத்தவை ஒத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பக்கத்தில் இருப்பவை ஒத்திருக்கும் இந்தத் தன்மையைப் புள்ளியியலில் இடஞ்சார் தன்னொட்டுறவு என்கிறார்கள். அது இருக்கிறது என்று ஊகிப்பது எளிது. எவ்வளவு வலுவாக இருக்கிறது, எத்தனை மீட்டர் வரை நீள்கிறது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

மியூஸ் தரவின் முதல் சில வரிகளை எடுத்துக்கொள்வோம். முதல் இடத்தில் துத்தநாகம் 1022. அங்கிருந்து சுமார் 71 மீட்டரில் உள்ள இரண்டாவது இடத்தில் 1141. முதல் இடத்திலிருந்து 119 மீட்டரில் உள்ள மூன்றாவதில் 640. சுமார் 259 மீட்டரில் உள்ள நான்காவதில் 257. தூரம் கூடக்கூட வித்தியாசமும் கூடுவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. இதை எண்ணாக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. துத்தநாக அளவுகளில் பெரும்பாலானவை சிறியவை. சில மட்டும் மிகப் பெரியவை. அப்படியே கணக்கிட்டால் அந்தச் சில பெரிய எண்களே முடிவைத் தீர்மானித்துவிடும். அதனால் ஒவ்வோர் அளவுக்கும் இயல் மடக்கை எடுத்துக்கொள்வார்கள். 1022-இன் மடக்கை 6.93, 1141-இன் மடக்கை 7.04. இனி முறை எளியது. இரண்டு மடக்கைகளின் வித்தியாசத்தை எடுத்து, அதை வர்க்கமாக்கி, பாதியாக்க வேண்டும். முதல் இரண்டு இடங்களுக்கு அது 0.006. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.11. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் 0.95.

ஒரு ஜோடியை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் 155 இடங்களிலிருந்து 11,935 ஜோடிகள் கிடைக்கும். அவற்றைத் தூரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரி எடுக்கிறார்கள். சராசரியாக 79 மீட்டர் இடைவெளியில் இருக்கும் 57 ஜோடிகளுக்கு விடை 0.12. 373 மீட்டர் இடைவெளியில் இருக்கும் 457 ஜோடிகளுக்கு 0.41. 903 மீட்டர் இடைவெளியில் இருக்கும் 589 ஜோடிகளுக்கு 0.65. தூரத்தைக் கிடைக்கோட்டிலும் இந்தச் சராசரியைச் செங்குத்திலும் வைத்து வரைந்தால் கிடைப்பதுதான் வேரியோகிராம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951-இல் வெளியிட்ட வேலையிலிருந்து வளர்ந்த துறை இது. பிரெஞ்சுக் கணிதர் ஜார்ஜ் மாத்ரோன் 1960-களில் அதற்குக் கோட்பாடு அமைத்தார். மண்ணியலாளர்கள் பின்னர் தங்கள் வயலுக்குக் கொண்டுவந்தார்கள்.

மியூஸ் வேரியோகிராமின் புள்ளிகளுக்கு நடுவே ஒரு வளைகோட்டைப் பொருத்தினால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. கோடு சுழியத்தில் தொடங்காமல் 0.05-இல் தொடங்குகிறது. பின் ஏறி, 0.64 என்ற மட்டத்தில் படுத்துவிடுகிறது. அது படுக்கும் தூரம் 897 மீட்டர். இந்த மூன்றாவது எண்ணைத்தான் எல்லைத் தூரம் என்கிறோம். இரண்டு மாதிரிகள் அதைவிடக் குறைந்த தூரத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றைப் பற்றி ஏதோ சொல்கிறது. அதைத் தாண்டினால், ஒன்றைத் தெரிந்துகொண்டதால் மற்றொன்றைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. 100 மீட்டர் இடைவெளியில் இந்த மண்ணின் ஒட்டுறவு 0.77, 450 மீட்டரில் 0.29, 900 மீட்டரில் சுழியம்.

இந்த ஏற்றம் தற்செயலாகவும் வரலாம் அல்லவா? மாதிரிகள் குறைவாக இருந்தால் வரும். அதைச் சோதிக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, 155 அளவுகளை மட்டும் கலைத்து, கண்ட இடத்தில் போட்டுவிட வேண்டும். இப்போது பக்கத்து இடங்கள் ஒத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. இப்படி 999 முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் அதே கணக்கைப் போட வேண்டும். உண்மையான தரவின் விடை அந்த 999 விடைகளுக்கும் வெளியே நின்றால், அது தற்செயலாக வந்திருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். இந்தக் கலைத்தல் முறையோடு அதிகம் பயன்படும் அளவு, பேட்ரிக் மோரான் 1950-இல் கொடுத்த மோரான் எண். பக்கத்து இடங்கள் சராசரிக்கு ஒரே பக்கமாக விலகியிருந்தால் அது நேர்மதிப்பாக வரும். எதிரெதிராக விலகியிருந்தால் குறைமதிப்பாக வரும். தொடர்பே இல்லாவிட்டால் சுழியத்துக்கு மிக அருகில் நிற்கும். ஆனால் யாரைப் பக்கத்துவீடு என்று கொள்கிறோம், நூறு மீட்டருக்குள்ளா ஐநூறு மீட்டருக்குள்ளா என்பதைப் பொறுத்து மோரான் எண் மாறும். அந்த முடிவைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தரும் அறிக்கையை நான் நம்ப மாட்டேன். இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு மோரான் எண் போதும். எத்தனை மீட்டர் வரை என்று கேட்டால் வேரியோகிராம்தான் வேண்டும்.

இப்போது புள்ளியியலுக்கு வருவோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. கல்லூரியில் கற்கும் சராசரியின் திட்டப்பிழை, டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு எல்லாமே ஒவ்வோர் அளவும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று எடுத்துக்கொள்பவை. மியூஸ் மண்ணில் ஒரு கோடு கிழித்து, 100 மீட்டருக்கு ஒன்றாகப் பத்து மாதிரி எடுத்தால் என்ன ஆகும் என்று மேலே கண்ட வளைகோட்டை வைத்தே கணக்கிடலாம். பத்து மாதிரிகளுக்குள் 45 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் அதன் தூரத்துக்குரிய ஒட்டுறவை எடுத்துக் கூட்டினால் 19.2 வருகிறது. சராசரியின் நிச்சயமின்மையைக் கணக்கிடும்போது இதன் இரு மடங்கைப் பத்தோடு கூட்ட வேண்டும். ஆக, பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 48 வந்து நிற்கிறது. நிச்சயமின்மை ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதாவது அந்தப் பத்து மாதிரிகளும் தொடர்பற்ற இரண்டே இரண்டு மாதிரிகளுக்குச் சமம். ஆய்வகத்துக்குப் பத்துக்குப் பணம் கட்டினோம். அந்த மண்வகையின் சராசரியைப் பற்றிக் கிடைத்த செய்தி இரண்டுக்கு உரியது.

அதே பத்து மாதிரிகளை 450 மீட்டர் இடைவெளியில் எடுத்திருந்தால் அவை ஆறரைக்குச் சமமாக இருந்திருக்கும். 900 மீட்டரில் எடுத்திருந்தால் பத்துக்குப் பத்து.

நெருக்கமாக எடுப்பதில் இன்னொரு அடியும் விழுகிறது. மாதிரிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அவற்றுக்கு இடையே காணும் பரவலும் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மேலே சொன்ன பத்து மாதிரிகளில், கண்ணுக்குத் தெரியும் பரவல், வர்க்கக் கணக்கில், உண்மைப் பரவலில் ஏறத்தாழ 57 சதவீதம்தான். மாதிரி எண்ணிக்கையை மிகைப்படுத்தியதும் பரவலைக் குறைத்துக் கண்டதும் சேர்ந்தால், வழக்கமான சூத்திரம் தரும் திட்டப்பிழை உண்மையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட இரண்டு கோடுகளை ஒன்றுக்கொன்று தொலைவில் கிழித்து, ஒவ்வொன்றிலும் பத்து மாதிரி எடுத்து, இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று டி-சோதனை செய்தால், நூற்றில் 5 முறைதான் தவறாக உண்டு என்று சொல்லும் என நம்பியிருப்போம். உண்மையில் அது நூற்றில் 40 முறைக்கு மேல் இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று சொல்லும்.

இதன் வயல் வடிவம் நமக்குப் பழக்கமானது. ஒரு வயலில் இயற்கை எரு, பக்கத்து வயலில் ரசாயன உரம். ஒவ்வொன்றிலும் இருபது குழி தோண்டி மண் எடுத்து, கரிமம் இங்கே அதிகம், அங்கே குறைவு, வேறுபாடு மிக நிச்சயம் என்று எழுதிவிடுகிறார்கள். இருபது குழியும் ஒரே வயலுக்குள் இருப்பவை. எரு போடுவதற்கு முன்பே அந்த இரண்டு வயலும் வேறுபட்டிருந்தனவா என்ற கேள்விக்கு இருபது குழி என்ன, இருநூறு குழியும் பதில் சொல்லாது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் சூழலியல் ஆய்வுகளில் இந்தத் தவறு எவ்வளவு பரவியிருக்கிறது என்று எடுத்துக்காட்டிக் கண்டித்து எழுதினார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது குறைந்தபாடில்லை.

வேளாண் ஆய்வில் இந்தச் சிக்கலை எதிர்கொண்டது இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையம். அங்கே மெர்சர், ஹால் இருவரும் ஒரு ஏக்கர் கோதுமை வயலை 500 சிறு பாத்திகளாகப் பிரித்துத் தனித்தனியே அறுத்து எடைபோட்டு, 1911-இல் வெளியிட்டார்கள். எல்லாப் பாத்திக்கும் ஒரே விதை, ஒரே பராமரிப்பு. ஆனாலும் விளைச்சல் பாத்திக்குப் பாத்தி மாறியது. பின்னால் வந்த புள்ளியியலாளர்கள் அந்த எண்களைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தபோது, பக்கத்துப் பாத்திகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. 1919-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் இதற்குக் கண்ட வழி, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது. மண்ணின் ஒற்றுமையை அழிக்க முடியாது. குலுக்கிப் போட்டால் அது ஒரு உரத்துக்கு மட்டும் சாதகமாக அமையாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இதே கருத்து மாதிரி எடுப்பதற்கும் பொருந்தும். பல ஆய்வுக் கட்டுரைகள் தடுமாறும் இடம் இதுதான். மண்ணில் தன்னொட்டுறவு இருக்கிறது, ஆகவே வழக்கமான சூத்திரம் எதுவும் செல்லாது என்று பொதுப்படையாகச் சொல்வது தவறு. உங்களுக்கு வேண்டியது இந்தக் குறிப்பிட்ட வயலின் சராசரி மட்டும்தான் என்றால், மாதிரி எடுக்கும் இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருந்தால், வழக்கமான திட்டப்பிழைச் சூத்திரம் அப்படியே செல்லும். அங்கே தொடர்பின்மையைத் தருவது உங்கள் குலுக்கல். நெதர்லாந்து மண்ணியலாளர்கள் புரூஸும் டி குரைட்டரும் 1997-இல் இதை விரிவாக விளக்கினார்கள். சூத்திரம் பொய்ப்பது எப்போது என்றால், வசதியான இடங்களில், வரப்போரமாக, ஒரே கோட்டில் எடுத்துவிட்டுக் குலுக்கி எடுத்ததைப் போலக் கணக்கிடும்போதும், ஒரு வயலில் எடுத்த மாதிரிகளை வைத்து அந்த மண்வகை முழுவதையும் பற்றிப் பேசும்போதும்தான். அதனால் கணக்கைச் சரிபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை. எத்தனை எடுத்தீர்கள் என்பது அடுத்த கேள்வி.

மியூஸ் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த 897 மீட்டர் என்ற எண்ணுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஆற்றுக்கு அருகே வெள்ளம் அடிக்கடி வரும். வண்டலும் அதிகம், துத்தநாகமும் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். இது காரணம் தெரிந்த சரிவு. ஆற்றிலிருந்து உள்ள தூரத்தைக் கணக்கில் எடுத்து, அது விளக்கும் பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் வேரியோகிராம் வரைந்தால் 0.64-இல் படுத்த கோடு இப்போது 0.23 அருகிலேயே படுத்துவிடுகிறது. பக்கத்து இடங்கள் ஒத்திருந்ததில் பெரும்பங்கு, அவை ஆற்றிலிருந்து ஒரே தூரத்தில் இருந்ததால் வந்தது. காரணம் தெரிந்த சரிவைக் கழிக்காமல் வேரியோகிராம் வரைந்தால் எல்லைத் தூரம் மிகைப்பட்டு வரும். கோடு எங்கும் படுக்காமல் ஏறிக்கொண்டே போனால் அப்படி ஒரு சரிவு உள்ளே ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். திசையும் முக்கியம். ஆறு ஓடும் போக்கில் மண் நெடுந்தூரம் ஒத்திருக்கிறது. அதற்குக் குறுக்கே சீக்கிரம் மாறிவிடுகிறது. கால்வாயை ஒட்டிய வயலிலும் சரிவான மேட்டு நிலத்திலும் இதை எதிர்பார்க்கலாம். அங்கே குறுக்கு வாட்டத்தில் நெருக்கமாகவும் நெடுக்கு வாட்டத்தில் தள்ளியும் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இனி தூரத்துக்கு வரலாம். சராசரி தெரிய வேண்டும் என்றால் தள்ளித் தள்ளி எடுப்பது லாபம் என்று பார்த்தோம். வரைபடம் வரைய வேண்டும் என்றால் நிலைமை அப்படியே தலைகீழ். அளக்காத இடத்தின் மதிப்பை அளந்த பக்கத்து இடங்களிலிருந்து கணிக்கும் முறைக்குக் கிரிகிங் என்று பெயர். அது வேலை செய்வதே தன்னொட்டுறவை வைத்துத்தான். மாதிரிகளை எல்லைத் தூரத்துக்கு அப்பால் வைத்தால், நடுவிலுள்ள இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இராது. வரைபடம் எங்கும் சராசரியையே காட்டும். அதனால் வரைபடத்துக்கு எல்லைத் தூரத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளி வேண்டும் என்பது மண்ணியலாளர்கள் பின்பற்றும் நடைமுறை விதி. மியூஸுக்கு அது 450 மீட்டருக்கு உள்ளே. ஒரே மண்ணில் ஒரு நோக்கத்துக்கு 900 மீட்டர், இன்னொரு நோக்கத்துக்கு 450-க்குள். நோக்கத்தைச் சொல்லாமல் எவ்வளவு தூரத்தில் எடுக்கலாம் என்று கேட்டால் அதற்கு யாராலும் சரியான பதில் தர முடியாது.

எல்லைத் தூரம் தெரியாமல் இடைவெளியை முடிவு செய்ய முடியாது. மாதிரி எடுக்காமல் எல்லைத் தூரம் தெரியாது. இந்த முடிச்சை யூடன், மெலிக் இருவரும் 1937-இலேயே அவிழ்த்துக் காட்டினார்கள். சீரான கட்டங்களில் எடுக்காமல், சில மாதிரிகளைப் பத்தடி இடைவெளியிலும், சிலவற்றை நூறடியிலும், சிலவற்றை ஆயிரம் அடியிலும் அடுக்கடுக்காக எடுத்து, எந்தத் தூரத்தில் வித்தியாசம் பெரிதாகிறது என்று பார்ப்பது அவர்கள் முறை. சில டஜன் மாதிரிகளிலேயே எல்லைத் தூரம் பத்து மீட்டர் கணக்கிலா, நூறு மீட்டர் கணக்கிலா என்று தெரிந்துவிடும். அதன்பின் முழு வேலைக்கு இடைவெளியை முடிவு செய்யலாம். நம்பத்தகுந்த வேரியோகிராமுக்குக் குறைந்தது 100, வசதியாக 150 மாதிரிகள் வேண்டும் என்று வெப்ஸ்டரும் ஆலிவரும் 1992-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இருபது, முப்பது மாதிரிகளை வைத்து வரைந்த வேரியோகிராமில் கோடு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும்.

நெருக்கமான ஜோடிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மியூஸ் சாட்சி. அங்கே மிக அருகருகே இருக்கும் இரண்டு இடங்களே சுமார் 44 மீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மாதிரியும் 15 மீட்டருக்கு 15 மீட்டர் பரப்பில் பல இடத்து மண்ணைக் கலந்து எடுத்தது. கோடு 0.05-இல் தொடங்குகிறது என்றோமே, அந்தத் தொடக்கத்துக்குள் ஆய்வகப் பிழையும் இருக்கிறது, 44 மீட்டருக்குள் மண்ணில் நடக்கும் மாற்றமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று இந்தத் தரவால் பிரிக்க முடியாது. சில தரவுகளில் கோடு முழுவதும் மேல்மட்டத்திலேயே படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு இந்த மண்ணில் தன்னொட்டுறவே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. மிக நெருங்கிய மாதிரிகளின் இடைவெளிக்குள்ளேயே எல்லாம் நடந்து முடிந்திருக்கலாம். ஒரே வயலில்கூட ஒவ்வொரு பண்புக்கும் எல்லைத் தூரம் வேறு. களிமண் அளவு மெல்ல மாறும். நைட்ரேட் சில அடிகளில் மாறிவிடும். ஒன்றுக்குக் கண்ட தூரத்தை மற்றதற்கு எடுத்துப் போடக் கூடாது.

நம் ஊருக்கு இது எங்கே வந்து தொடுகிறது? 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் வகுத்தார்கள். சதுரமாகக் கொண்டால் பக்கம் முதலாவதில் ஏறத்தாழ 158 மீட்டர், இரண்டாவதில் 316 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் வந்த எல்லா வயலுக்கும் ஒரே மாதிரியின் முடிவுதான் அட்டையானது. 2.5 ஹெக்டேர் என்பது ஆறு ஏக்கருக்கு மேல். அதில் ஏழெட்டுப் பேரின் வயல் இருக்கலாம். மணிச்சத்தின் எல்லைத் தூரம் 158 மீட்டரைவிட மிகப் பெரிதாக இருக்கும் ஊரில் அந்த அட்டை எல்லோருக்கும் பொருந்தும். முப்பது மீட்டராக இருக்கும் ஊரில், மாதிரி எடுத்த வயலுக்கு மட்டும் பொருந்தும். பக்கத்து வயல்காரருக்கு அந்த உரப் பரிந்துரை பெரும்பாலும் ஊகம்தான். எந்த ஊர் எந்த வகை என்பது அளந்தால்தான் தெரியும். பத்துக் கட்டங்களில் ஒன்றிலாவது ஐந்து, பத்து, ஐம்பது மீட்டர் இடைவெளியில் கூடுதலாகச் சில மாதிரிகளைத் தனித்தனியே சோதித்திருந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு விவசாயி தன் வயலுக்கு உரம் எவ்வளவு என்று அறிய, வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, கால்பங்காகக் குறைத்து, அரைக் கிலோ அனுப்புவது சரியான வழி. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வதும் சரிதான். கலந்த மண் சராசரியைத் தரும். அவருக்கு வேண்டியது அதுதான். ஆனால் கலந்த பிறகு எந்த இடம் எப்படி இருந்தது என்ற செய்தி போய்விடுகிறது. வயலைப் பகுதி பகுதியாகப் பிரித்து உரமிட விரும்புகிறவரும் ஆய்வு மாணவரும் அப்படிக் கலந்துவிடக் கூடாது.

மண் எடுக்கப் போகும் மாணவர்களுக்கும் வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பைக்குள்ளும் போடும் சீட்டில் விவசாயி பெயர், சர்வே எண்ணோடு ஜிபிஎஸ் அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஐந்து தசம இடம் வரை எழுதுங்கள்; கைபேசியே அதைக் காட்டும். ஆய்வக முடிவு வரும் தாளிலும் அந்த எண்கள் ஒட்டியே இருக்கட்டும். மாதிரிகளில் பத்தில் ஒன்றையாவது, ஏற்கெனவே எடுத்த இடத்துக்கு மிக அருகில் இரண்டாவது முறை எடுங்கள். இவை இல்லாமல் சேர்ந்த ஆயிரக்கணக்கான முடிவுகளை வைத்து எந்தத் தூரத்தையும் பின்னால் யாராலும் கணக்கிட முடியாது.